எம்எக்ஸ் மாற்றம்: ஒரே இரவிலா, இரண்டையும் வைத்துக்கொண்டா?

பினாங்கில் பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் அலுவலகங்களில் மின்னஞ்சல் பெரும்பாலும் வெப்சைட்டோடு ஒட்டிக்கொண்டு வந்ததாகத்தான் இருக்கும். எப்போதோ வெப்சைட் செய்து கொடுத்தவர் ஒரு சிபேனல் ஹோஸ்டிங் வாங்கி, அதிலேயே ஆளுக்கொரு மெயில்பாக்ஸும் திறந்துவிட்டுப் போயிருப்பார். இடம் நிறைந்துபோகிறது, கைப்பேசியில் ஒழுங்காக வருவதில்லை, அனுப்பும் மெயில் வாடிக்கையாளரின் ஸ்பேமில் போய் விழுகிறது என்று புகார்கள் சேர்ந்த பிறகு, மைக்ரோசாஃப்ட் 365, கூகுள் வொர்க்ஸ்பேஸ், ஜோஹோ இவற்றில் ஒன்றுக்கு மாறிவிடலாம் என்று முடிவாகும். எந்தச் சேவை நல்லது என்ற பேச்சு இங்கே இல்லை. அது முடிவான பிறகு வருகிற கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். வந்துகொண்டிருக்கும் மெயிலைப் பழைய சர்வரிலிருந்து புதிய சேவைக்கு எப்படித் திருப்புவது?

திருப்பிவிடும் வேலை, ஒரு டொமைனுக்கு எந்த சர்வர் என்று உலகத்துக்குச் சொல்லும் டிஎன்எஸ்ஸில் இருக்கும் எம்எக்ஸ் பதிவுடையது. மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரிதான். அதை மாற்ற ஆட்கள் கையாளும் வழிகள் நான்கு: பழைய எம்எக்ஸையும் புதியதையும் சேர்த்தே வைப்பது, எம்எக்ஸைத் தொடாமல் பழைய பெட்டியிலிருந்து ஃபார்வர்ட் செய்வது, பாதிப் பேரை மாற்றி மீதிப் பேரைப் பழைய இடத்திலேயே விட்டு இரண்டையும் இணைப்பது, எல்லோரையும் ஒரே மாலையில் மாற்றிவிடுவது. என் கணக்கில், முப்பது பேருக்குக் குறைவான அலுவலகத்துக்குக் கடைசி வழிதான் சரி. மற்ற மூன்றும் பார்க்கப் பத்திரமாகத் தெரியும், ஆனால் மெயில் காணாமல் போவது அவற்றில்தான் அதிகம். ஏன் என்று பார்ப்போம்.

அனுப்பும் சர்வர் என்ன செய்கிறது

பட்டர்வொர்த்தில் ஒரு ஃபார்வர்டிங் ஏஜென்சி. ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். கப்பல் நிறுவனங்களிலிருந்து வருகை அறிவிப்பு, தொழிற்சாலைகளிலிருந்து இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கே1 பாரத்துக்கு வேண்டிய விவரங்கள் என்று எல்லாமே மெயிலில்தான் வரும். ஒரு வருகை அறிவிப்பு கண்ணில் படாமல் போனால் கண்டெய்னர் துறைமுகத்தில் கிடக்கும், நாளுக்கு இவ்வளவு வெள்ளி என்று கட்டணம் ஏறும். டொமைன் பெயரை மாற்றி `contoh.example` என்று வைத்துக்கொள்வோம். பழைய பதிவு இப்படி இருந்தது:

```
contoh.example.  14400  IN  MX  0  contoh.example.
```

சிபேனல் தானாகப் போட்டுக் கொடுப்பது இதுதான். இந்த டொமைனுக்கு வரும் மெயிலை `contoh.example` என்ற சர்வரிடமே, அதாவது வெப்சைட் இருக்கும் அதே சர்வரிடம், கொடு என்று அர்த்தம். நடுவில் இருக்கும் 0 முன்னுரிமை எண். பல எம்எக்ஸ் இருந்தால் எண் குறைவாக உள்ளதை முதலில் முயல வேண்டும். 14400 என்பது டிடிஎல், விநாடிக் கணக்கு. ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டவர் நான்கு மணி நேரத்துக்குத் திரும்பக் கேட்க வேண்டாம் என்று அது சொல்கிறது.

ஒருவர் இந்த அலுவலகத்துக்கு மெயில் அனுப்பினால், அவருடைய சர்வர் எம்எக்ஸைப் படித்து அங்கே போய்த் தட்டும். பதில் மூன்று விதமாக வரலாம். வாங்கிக்கொண்டால் வேலை முடிந்தது. 4 என்று தொடங்கும் எண்ணோடு பதில் வந்தால் ‘இப்போது முடியாது, பிறகு வா’ என்று பொருள். அனுப்பியவரின் சர்வர் மெயிலை வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். சர்வர் முழுக்கச் செத்துக் கிடந்தாலும் இதே கதைதான். நான்கைந்து நாளாவது முயல வேண்டும் என்பது எஸ்எம்டிபி விதிமுறையிலேயே இருக்கிறது. 5 என்று தொடங்கினால் ‘இப்படி ஒரு முகவரி இல்லை’ என்பது போன்ற முடிவான மறுப்பு. அப்போதே அனுப்பியவருக்கு ‘மெயில் சேரவில்லை’ என்ற பவுன்ஸ் போய்விடும், மறுமுயற்சி கிடையாது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சர்வர் சில மணி நேரம் செத்துக் கிடப்பது பெரிய ஆபத்தே இல்லை, மெயில் தாமதமாகும், அவ்வளவுதான். உண்மையான ஆபத்து இரண்டு. ஒன்று, புதிய சேவை 5 என்று சொல்லித் திருப்பி அனுப்புவது. இன்னொன்று, பழைய சர்வர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, யாரும் திறந்து பார்க்காத பெட்டியில் போட்டு வைப்பது. இரண்டாவதுதான் கொடுமை. அனுப்பியவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

இரண்டு எம்எக்ஸையும் வைத்துக்கொள்வது

அந்த ஏஜென்சியின் முதலாளி அக்கா முதலில் கேட்டது இதைத்தான். “ரெண்டும் இருக்கட்டுமே தம்பி. புதுசு ஓடலைன்னா பழசுக்கு வரும்ல?” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வெப்சைட் செய்பவர்களில் பலரும் இதையே செய்துவிட்டுப் போகிறார்கள். புதியதற்கு 0, பழையதற்கு 10:

```
contoh.example.  14400  IN  MX  0   contoh-example.mail.protection.outlook.com.
contoh.example.  14400  IN  MX  10  contoh.example.
```

நூற்றுக்குப் பெரும்பாலான மெயில் புதிய இடத்துக்கே போகும். அதனால் ‘நன்றாக ஓடுகிறது’ என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். ஆனால் புதிய சேவை எப்போதாவது 4 வகைப் பதில் சொல்லும். அனுப்புபவரின் ஐபி முகவரி பழக்கமில்லாததாக இருக்கலாம், ஒரே நேரத்தில் நிறைய அனுப்பியிருக்கலாம், நெட்வொர்க் ஒரு கணம் தடுமாறியிருக்கலாம். எம்எக்ஸ் ஒன்றே இருந்தால் அனுப்பும் சர்வர் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அங்கேயே வரும். இரண்டாவது ஒன்று பட்டியலில் இருப்பதால், காத்திருக்காமல் உடனே பழைய சர்வருக்குப் போய்விடும். அங்கே அந்த மெயில்பாக்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது. வாங்கிப் போட்டுக்கொள்ளும். மாதத்துக்கு நாலைந்து மெயில் இப்படி மறைந்தால் யார் கண்டுபிடிப்பது? “நீங்கள் அனுப்பவே இல்லை”, “அனுப்பினோம், பவுன்ஸும் வரவில்லை” என்ற வாக்குவாதம்தான் மிஞ்சும். பழைய வெப்மெயிலுக்குள் யாராவது போய்ப் பார்க்கிற வரை இது வெளிவராது.

ஸ்பேம் அனுப்புபவர்களுக்கு இந்த ஏற்பாடு நன்றாகவே தெரியும். இரண்டாம் எம்எக்ஸில் வடிகட்டல் பலவீனமாக இருக்கும் என்று எண்ணி வேண்டுமென்றே எண் பெரிதாக உள்ளதில் தட்டுவார்கள். இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டாலோ இன்னும் மோசம். பாதி இங்கே, பாதி அங்கே என்று மெயில் பிரியும்.

சிபேனலில் பழைய சர்வரை `Backup Mail Exchanger` என்று அமைக்கலாமே, அப்போது அது பெட்டியில் போடாமல் பிடித்து வைத்திருந்து முதன்மை சர்வருக்குத் தள்ளிவிடுமே என்று விவரம் தெரிந்தவர் கேட்கலாம். சரிதான், தள்ளிவிடும். ஆனால் புதிய சேவையின் கண்ணுக்கு அந்த மெயில் அனுப்பியவரின் சர்வரிலிருந்து வந்ததாகத் தெரியாது, பழைய ஹோஸ்டிங்கிலிருந்து வந்ததாகத் தெரியும். ஒரு டொமைனின் பெயரில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி உண்டு என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனையில் தோற்று ஸ்பேமுக்குப் போக வாய்ப்பு அதிகம். உலகம் முழுக்க அனுப்பும் சர்வர்களே நாட்கணக்கில் மறுமுயற்சி செய்யும்போது, பத்துப் பேர் அலுவலகத்துக்கு இரண்டாம் எம்எக்ஸ் தேவையே இல்லை. பெரிய சேவைகள் தங்கள் ஒற்றைப் பெயருக்குப் பின்னாலேயே பல சர்வர்களை வைத்திருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் தருவது ஒரே வரி. கூகுளும் முன்பு ஐந்து வரி கொடுத்துக்கொண்டிருந்து, 2023 முதல் புதியவர்களுக்கு `smtp.google.com` என்ற ஒற்றை வரிக்கு வந்துவிட்டது.

எம்எக்ஸைத் தொடாமல் ஃபார்வர்ட் செய்வது

மைக்ரோசாஃப்ட் கணக்குத் திறந்ததும் `onmicrosoft.com` என்று முடியும் தற்காலிக முகவரி ஒவ்வொருவருக்கும் கிடைக்கும். கூகுளிலும் இதேபோல் ஒரு சோதனை முகவரி உண்டு. பழைய பெட்டியிலிருந்து அதற்கு ஃபார்வர்ட் போட்டுவிட்டால் மெயில் புதிய இடத்திலும் வந்து விழும், பழைய பெட்டியிலும் ஒரு பிரதி இருக்கும். ஓரிருவர் ஒரு வாரம் பழகிப் பார்க்க இது நல்ல வழி. மாதக்கணக்கில் இழுத்தால் மேலே சொன்ன எஸ்பிஎஃப் தொல்லை இங்கேயும் வரும். வங்கிகள், பெரிய நிறுவனங்கள் போன்று டொமைனைக் கறாராகப் பூட்டி வைத்திருப்பவர்களின் மெயில்தான் முதலில் அடிபடும்.

இதில் ஒளிந்திருக்கும் இன்னொரு சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. டொமைனைப் புதிய சேவையில் பதிந்து, ஒன்பது பேருக்கும் பெட்டி திறந்துவிட்ட கணத்திலிருந்து, அந்தச் சேவை ‘இந்த டொமைன் என்னுடையது’ என்று நினைக்க ஆரம்பித்துவிடும். சோதித்துப் பார்க்கும் ஒருவர் அங்கிருந்து பக்கத்து மேசைக் கிராணிக்கு மெயில் அனுப்பினால் அது எம்எக்ஸைப் பார்க்கவே பார்க்காது. உள்ளுக்குள்ளேயே புதிய பெட்டிக்குப் போய்விடும். கிராணியோ இன்னும் பழைய பெட்டியைத்தான் திறந்து வைத்திருப்பார். வெளியாட்களுக்கு அனுப்பினால் போகிறது, உள்ளே அனுப்பினால் காணோம் என்று யாராவது சொன்னால் காரணம் இதுதான்.

பாதி இங்கே, பாதி அங்கே

பெரிய நிறுவனங்கள் செய்யும் முறை இது. எம்எக்ஸைப் புதிய சேவைக்கு மாற்றிவிட்டு, ‘எனக்குத் தெரியாத முகவரி வந்தால் பழைய சர்வருக்குக் கொடு’ என்று புதிய சேவையிடம் சொல்லிவைப்பார்கள். மைக்ரோசாஃப்டில் டொமைனை `Internal relay` என்று மாற்றி ஒரு கனெக்டர் போட வேண்டும். கூகுளில் ரூட்டிங் விதி ஒன்று எழுத வேண்டும். கோலாலம்பூரில் தலைமை அலுவலகம், பினாங்கிலும் ஜொகூரிலும் கிளை, மொத்தம் நூறு பேர் என்று இருந்தால் வேறு வழியில்லை, வாரம் ஒரு கிளையாக மாற்றுவதற்கு இதுதான் உதவும்.

ஒன்பது பேருக்கு இது வீண் வேலை. பழைய சர்வரும் இன்னும் டொமைன் தன்னுடையது என்று நம்பிக்கொண்டிருக்கும். அங்கே மிச்சமிருப்பவர்கள், மாறிப்போன சக ஊழியருக்கு அனுப்புவது பழைய பெட்டியிலேயே தங்கிவிடும். அதைச் சரிசெய்ய, மாறிய ஒவ்வொருவருக்கும் பழைய பக்கத்தில் ஒரு ஃபார்வர்ட் போட வேண்டும். அப்புறம் பழைய பக்கத்திலும் ‘தெரியாத முகவரிக்கு வருவதைப் புதியதற்கு அனுப்பு’ என்று யாராவது எழுதிவைத்தால், இரண்டு பக்கமும் இல்லாத முகவரிக்கு வந்த மெயில் பந்து போல இங்கும் அங்கும் போய்க்கொண்டே இருந்து, கடைசியில் `Hop count exceeded` என்று சொல்லிச் சாகும். அந்த வாசகம் பவுன்ஸில் தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

ஒரே மாலையில்

சரி, நான் பரிந்துரைக்கும் வழிக்கு வருவோம். ஏஜென்சியில் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எம்எக்ஸை மாற்றுவது என்று வைத்துக்கொண்டோம். இதில் வேலையெல்லாம் அந்த ஆறு மணிக்கு முன்னால்தான்.

முதல் வேலை முகவரிப் பட்டியல். இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் 5 வகை மறுப்பு இங்கேதான் பிறக்கிறது. அக்கா கொடுத்த பட்டியலில் ஒன்பது பேரும், `ops`, `accounts`, `info` என்று மூன்று பொது முகவரிகளும் இருந்தன. சிபேனலுக்குள் போய்ப் பார்த்தால் `Forwarders` பக்கத்தில் இன்னும் இரண்டு இருந்தன. வேலையை விட்டுப் போன ஒருவரின் முகவரி, அதற்கு வருவது வேறொருவருக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்னொன்று ஒரு கப்பல் நிறுவனத்துக்கென்றே எப்போதோ கொடுத்த முகவரி. அதற்கும் மேலே `Default Address` என்ற இடத்தில், இல்லாத முகவரிக்கு வருவதையெல்லாம் ஒரு பெட்டியில் கொட்டும்படி அமைத்திருந்தார்கள். இதுதான் பெரிய பொறி. யார் எந்தப் பெயரை எப்படி எழுதினாலும் மெயில் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. `account` என்று ‘s’ இல்லாமல் எழுதும் வாடிக்கையாளருக்கும், `operation` என்று எழுதும் லாரிக் கம்பெனிக்கும் இத்தனை வருடமாகப் பிரச்சினையே இல்லை. புதிய சேவைக்கு மாறிய மறுநிமிடம் அவர்களுக்கு இப்படி ஒரு பவுன்ஸ் போயிருக்கும்:

```
550 5.4.1 Recipient address rejected: Access denied
```

மைக்ரோசாஃப்ட் 365-இல் இல்லாத முகவரிக்கு அனுப்பினால் வருவது இது. கூகுளில் `550 5.1.1` என்று தொடங்கி, அப்படி ஒரு கணக்கு இல்லை என்று சொல்லும். அதனால் அந்தக் கொட்டும் பெட்டியைத் திறந்து, சில மாதத்து மெயில்களின் `To` வரியில் என்னென்ன முகவரி வருகிறது என்று ஒரு கிராணியை உட்காரவைத்து எழுதச் சொன்னோம். குப்பையைக் கழித்தபின் உண்மையானவை மூன்று தேறின. எல்லாவற்றுக்கும் காசு கொடுத்து லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்டில் 50 ஜிபி வரை பகிர்வுப் பெட்டிக்குத் தனி லைசென்ஸ் வேண்டாம், மாற்றுப் பெயர்களை இருக்கிற பெட்டியிலேயே சேர்த்துக்கொள்ளலாம். கூகுளில் ஒருவருக்கு 30 மாற்றுப் பெயர் வரை இலவசம், பொது முகவரிக்குக் குழு ஒன்று போட்டால் போதும். புதிதாக உண்டாக்கிய முகவரி எல்லா நுழைவு சர்வர்களுக்கும் தெரிய நேரம் எடுக்கலாம், ஆகவே ஒரு நாள் முன்னதாகவே செய்துவிடுங்கள்.

இரண்டாவது வேலை, டிஎன்எஸ் யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பது. சிபேனலில் `Zone Editor` இருக்கிறது என்பதற்காக உலகம் அதைத்தான் படிக்கிறது என்று அர்த்தமில்லை. டொமைன் வேறிடத்து நேம்சர்வருக்குக் காட்டிக்கொண்டிருந்தால், இங்கே என்ன எழுதினாலும் ஒன்றும் நடக்காது.

```
dig +short NS contoh.example
dig MX contoh.example @8.8.8.8
```

முதல் வரி நேம்சர்வரைக் காட்டும். இரண்டாவது, வெளியுலகம் இப்போது எந்த எம்எக்ஸைப் பார்க்கிறது என்பதையும், அந்தப் பதில் இன்னும் எத்தனை விநாடி தாங்கும் என்பதையும் காட்டும். விண்டோஸில் `nslookup -debug -type=mx contoh.example 8.8.8.8` போதும். டொமைன் லாகின் பழைய வெப்சைட்காரரின் பெயரில் இருந்தால் அதை இப்போதே மீட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நேம்சர்வரை மாற்றும் வேலையை அதே வாரத்தில் வைக்காதீர்கள். அதன் டிடிஎல் நம் கையில் இல்லை. `.com` டொமைன்களுக்கு மேல்மட்டத்தில் அது இரண்டு நாள். இரண்டு மாற்றத்தை ஒன்றாகச் செய்தால் எது உடைந்தது என்றே தெரியாது.

மூன்றாவது டிடிஎல். வியாழக்கிழமை காலை எம்எக்ஸின் டிடிஎல்லை 14400-இலிருந்து 300 ஆகக் குறைத்தோம். குறைத்த உடனே பலன் இல்லை. பழைய பதிலை வைத்திருப்பவர்கள் நான்கு மணி நேரம் வைத்திருப்பார்கள், அதனால்தான் முதல் நாளே. வெள்ளி மாலை 5.59-க்கு ஒருவர் எம்எக்ஸைக் கேட்டிருந்தால், குறைக்காவிட்டால் இரவு 9.59 வரை பழைய சர்வருக்கே அனுப்பிக்கொண்டிருப்பார். குறைத்ததால் 6.04-க்கு மாறிவிடுவார். உண்மையைச் சொன்னால், போகிற வழிக்கு இது பெரிய விஷயமில்லை. பழைய சர்வர் உயிரோடு இருக்கிற வரை அந்த நான்கு மணி நேர மெயிலைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். டிடிஎல்லைக் குறைப்பது திரும்பி வரும் வழிக்காக. ஆறு மணிக்கு மாற்றி ஆறேகாலுக்குப் பவுன்ஸ் மழை பெய்ய ஆரம்பித்தால், ஐந்து நிமிடத்தில் பழையபடி ஆக்க முடிய வேண்டும்.

வெள்ளி மாலை பழைய வரியை அழித்து இதை வைத்தோம்:

```
contoh.example.  300  IN  MX  0  contoh-example.mail.protection.outlook.com.
```

கடைசியில் இருக்கும் புள்ளியைப் பாருங்கள். சில டிஎன்எஸ் திரைகளில் அந்தப் புள்ளி இல்லாவிட்டால் டொமைன் பெயரும் பின்னால் ஒட்டிக்கொண்டு `outlook.com.contoh.example` என்று முடியும் ஒரு பெயராகிவிடும். அப்படி ஒரு சர்வர் உலகத்தில் இல்லை. `dig` போட்டால் பதிலிலேயே தெரிந்துவிடும். அதேபோல் எம்எக்ஸின் வலப்பக்கம் ஐபி முகவரியை எழுதக் கூடாது, பெயர்தான் வேண்டும்.

அடுத்தது எஸ்பிஎஃப். சிபேனல் போட்டுக் கொடுத்திருந்த வரியில் `+mx` இருந்தது. எம்எக்ஸில் இருக்கும் சர்வர்கள் என் பெயரில் அனுப்பலாம் என்று அதற்குப் பொருள். பழைய சர்வரில் வாங்குவதும் அனுப்புவதும் ஒரே ஐபி என்பதால் அது ஒத்துப்போனது. மைக்ரோசாஃப்டில் வெளியே அனுப்பும் சர்வர்களுக்கு அவர்கள் தனிப் பட்டியல் கொடுக்கிறார்கள். ஆகவே வரி இப்படி மாறியது, `ip4` பகுதி வெப்சைட் இன்னும் பழைய சர்வரிலிருந்தே மெயில் அனுப்புவதால்:

```
v=spf1 ip4:203.0.113.25 include:spf.protection.outlook.com ~all
```

பழைய எஸ்பிஎஃப் வரியை விட்டுவைத்துவிட்டு இதைப் பக்கத்தில் இன்னொன்றாகச் சேர்க்கக் கூடாது. இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. மெயில் நம் டொமைனிலிருந்து வந்ததுதான் என்று காட்டும் டிகேஐஎம் கையொப்பத்தையும் புதிய சேவையில் அன்றே இயக்கிவிடுங்கள், அதன் திரையே வேண்டிய பதிவுகளைத் தரும்.

பழைய சர்வர் விடாப்பிடியாக இருப்பது

எம்எக்ஸ் மாறிவிட்டது, வெளியிலிருந்து வரும் சோதனை மெயில் புதிய பெட்டியில் விழுகிறது. இங்கேதான் பலர் கை கழுவிவிடுகிறார்கள். இரண்டு வாரம் கழித்து, “வெப்சைட் ஃபார்மில் விசாரணையே வருவதில்லையே” என்று பேச்சு வரும்.

சிபேனலில் `Email Routing` என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அது `Local Mail Exchanger` என்று இருக்கிற வரை, அந்த சர்வருக்குள் பிறக்கும் மெயில் எதுவும் எம்எக்ஸைப் பார்க்காது. நேராகப் பழைய பெட்டிக்குப் போகும். வெப்சைட் ஃபார்ம் அந்த சர்வருக்குள்தான் ஓடுகிறது. ஸ்கேன் செய்ததை மெயிலில் அனுப்பும் போட்டோஸ்டேட் மெஷினும் பழைய சர்வர் வழியாகத்தான் அனுப்புகிறது. இன்னும் ஒன்று யாருக்கும் தோன்றாது. இது பலருக்குப் பொதுவான ஷேர்டு சர்வர். அதே ஹோஸ்டிங் நிறுவனத்தின் அதே சர்வரில் நம் வாடிக்கையாளர் ஒருவரின் கணக்கும் இருந்தால், அவர் அனுப்புவதும் இப்படியே உள்ளுக்குள் சுருண்டுவிடும். ஊரில் சின்னக் கம்பெனிகள் பல ஒரே ஹோஸ்டிங்கை வாங்கியிருப்பது சாதாரணம், ஆகவே இது அபூர்வமான விபத்து இல்லை. ‘எல்லோருடைய மெயிலும் வருகிறது, ஒரே ஒரு கம்பெனியுடையது மட்டும் வரவில்லை’ என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

மருந்து, அதை `Remote Mail Exchanger` என்று மாற்றுவது. ஆனால் எப்போது மாற்றுவது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அப்படி மாற்றிய பிறகு பழைய சர்வர் இந்த டொமைனுக்கு வெளியிலிருந்து வரும் மெயிலை வாங்காது, மறுத்துவிடும், அதுவும் 5 வகை மறுப்பு. வெள்ளி ஆறு மணிக்கே மாற்றினால், பழைய பதிலைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்குப் பவுன்ஸ் போகும். டிடிஎல்லை மதிக்காமல் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருக்கும் சர்வர்களும் உண்டு. அதனால் அன்றிரவு முழுக்க `Local` ஆகவே விட்டோம். சனி மதியம் பழைய வெப்மெயிலைத் திறந்து பார்த்தால் வெள்ளி இரவு வந்தவை சில கிடந்தன, அதற்குப் பின் வெளி மெயில் இல்லை. அதன் பிறகு `Remote` ஆக்கி, வெப்சைட் ஃபார்மில் ஒன்று எழுதி அனுப்பிப் பார்த்து, புதிய பெட்டியில் வந்ததை உறுதி செய்துகொண்டோம். `Automatically Detect` என்ற தேர்வும் அங்கே இருக்கிறது. நான் அதை நம்புவதில்லை, கையால் தேர்ந்தெடுப்பதே நல்லது.

பழைய மெயில்களை ஐமேப் வழியாகப் புதிய பெட்டிக்குக் கொண்டுவரும் வேலையை வாரத் தொடக்கத்திலேயே ஆரம்பித்து, சனி மதியம் கடைசியாக ஒருமுறை ஓடவிட்டோம். வெள்ளி இரவு மெயில்கள் அதில் வந்து சேர்ந்தன. இருவர் மட்டும் பாப்3 முறையில் மெயிலைக் கணினிக்கு இறக்கி சர்வரிலிருந்து அழித்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களுடைய பழைய மெயில் சர்வரில் இல்லை, அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பில்தான் இருந்தது. அதை அவர்கள் கணினியிலிருந்தே ஏற்ற வேண்டியிருந்தது. தொடர்பு முகவரிகளும் நாட்காட்டியும் ஐமேப்பில் வராது, அதையும் தனியாகத்தான் எடுக்க வேண்டும்.

திங்கள் காலை செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒவ்வொருவரின் அவுட்லுக்கிலும் கைப்பேசியிலும் பழைய கணக்கை நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்ப்பது. `autodiscover` பதிவைப் புதிய சேவைக்குக் காட்டாமல் விட்டால் அவுட்லுக் பழைய சர்வரையே தேடிப்போய்ப் பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் என்றால் அதை `autodiscover.outlook.com` என்று மாற்ற வேண்டும்.

அந்த வாரம் ஓடி முடிந்ததும் டிடிஎல்லை 3600-க்கு ஏற்றிவிட்டோம். ஹோஸ்டிங்கை ரத்து செய்யவில்லை, வெப்சைட் அதில்தானே இருக்கிறது. பழைய மெயில்பாக்ஸ்களை மட்டும் ஒரு மாதம் பொறுத்து, எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் மாற்றி, யாரும் எதையும் தேடி வரவில்லை என்று தெரிந்த பிறகு அழித்தோம். பாஸ்வேர்டை மாற்றுவதற்கு முன் போட்டோஸ்டேட் மெஷினின் எஸ்எம்டிபி அமைப்பை மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் காலை கே1-க்கு இணைப்பு ஸ்கேன் செய்யும் பையன்தான் முதலில் வந்து நிற்பான்.